இல்லாத குழாய்க்கு என்ன சான்று?

புதிதாக ஃபிளாட் வாங்கியவர் பில்டருக்கு எழுதும் புகார்களில் இரண்டு வகை உண்டு. குளியலறையில் நீர்க்கசிவு, வெடித்த டைல்ஸ், இறங்கிப்போன கதவு போன்றவை முதல் வகை. கண் முன்னே இருக்கும் குறை என்பதால் படம் எடுத்து அனுப்பினாலே பாதி வாதம் முடிந்துவிடும். இருக்க வேண்டிய ஒன்று இல்லவே இல்லை என்பது இரண்டாம் வகை. மாடிப்படியருகே ட்ரை ரைசர் இல்லை, தளங்களில் தீ எச்சரிக்கை மணி இல்லை என்று எழுதுபவர் வெறும் சுவரைத்தான் படம் எடுக்க முடியும். அந்தச் சுவரில் ஒரு குழாய் இருந்திருக்க வேண்டும் என்பதைப் படம் சொல்லாது. அதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாம் வகைக் கடிதங்கள் பெரும்பாலும் அச்சத்தையும் கோபத்தையும் சொல்லி நின்றுவிடுகின்றன. எந்த ஆவணம், எந்த இடத்தில், எதைத் தருவதாகச் சொன்னது என்ற மூன்றும் இல்லாத கடிதத்தை பில்டரின் பொறியாளர் இரண்டே வரியில் மறுத்துவிடலாம். அந்த மறுப்பு எப்படி வரும், அதற்கு இடம் தராமல் கடிதத்தை எப்படி அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாட்டு விதிகளையும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தையும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குழாய் செய்யும் வேலை

ட்ரை ரைசர் என்பது கட்டடத்தின் அடியிலிருந்து உச்சிவரை செங்குத்தாகச் செல்லும் இரும்புக் குழாய். உள்விட்டம் 100 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சாதாரண நாளில் அதில் தண்ணீர் இருக்காது. தரைமட்டத்தில், தீயணைப்பு வண்டி நெருங்கக்கூடிய வெளிச்சுவரில், இரட்டை வாய் கொண்ட இணைப்பு இருக்கும். ஒவ்வொரு தளத்திலும் மாடிப்படியருகே ஒரு லேண்டிங் வால்வு இருக்கும். உச்சியில் காற்றை வெளியேற்றும் வால்வு இருக்கும். வண்டியின் பம்ப் கீழே தண்ணீரை ஏற்றும்; வீரர்கள் மேலே போய் வால்வில் ஹோஸைப் பூட்டித் திறப்பார்கள். அவ்வளவுதான் அதன் இயக்கம்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆறாம் தளத்தில் தீ என்று வைத்துக்கொள்வோம். வண்டியிலிருந்து படிக்கட்டு வரை, படிக்கட்டின் வளைவுகள் வழியே ஆறு மாடி, பிறகு வீட்டுக்குள் என்று கணக்கிட்டால் சுமார் 75 மீட்டர் ஹோஸ் தேவை. 15 மீட்டர் நீளமுள்ள ஐந்து ஹோஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்ட வேண்டும். 63 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் ஏறியதும் படிக்கட்டில் கிடக்கும் ஹோஸுக்குள் இருக்கும் நீரின் எடை மட்டும் 230 கிலோ. அதை வளைவுகளில் இழுத்து நகர்த்துவது கடினம். அதைவிட மோசமானது, ஹோஸ் கிடக்கும் கதவுகள் மூடாது. புகை படிக்கட்டுக்குள் வரும். மேல் தளத்தவர்கள் இறங்க வேண்டியதும் அதே படிக்கட்டில்தான். ட்ரை ரைசர் இருந்தால் வீரர்கள் ஒரு தளம் கீழே, ஐந்தாம் தளத்து வால்வில் பூட்டி, ஓரிரு ஹோஸோடு மேலே ஏறிவிடலாம். 24 மீட்டர் உயரக் குழாய் முழுவதும் நிரம்ப 190 லிட்டர் போதும். வண்டியின் பம்புக்கு அது சில வினாடி வேலை.

ட்ரை ரைசருக்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். வண்டி வந்தால்தான் அது பயன்படும். அதனால்தான் வண்டி வருவதற்கு முந்தைய நிமிடங்களுக்கு எச்சரிக்கை மணி அவசியம். குடியிருப்புகளில் அடிப்படை ஏற்பாடு கைமுறை அலாரம்: தளந்தோறும் படிக்கட்டருகே அழுத்தும் பெட்டி, ஒலி எழுப்பும் ஹூட்டர், காவலர் அறையில் எந்தத் தளம் என்று காட்டும் கண்ட்ரோல் பேனல், மின்சாரம் போனாலும் இயங்க ஒரு பேட்டரி. ஒன்று மக்களை வெளியேற்றுகிறது, மற்றொன்று வீரர்களை உள்ளே அனுப்புகிறது. கடிதத்தில் இரண்டையும் தனித்தனிக் குறைகளாக எழுதுவதற்கு இதுவே காரணம்.

தோற்கும் கடிதம்

உதாரணத்துக்கு ஒரு கட்டடத்தை அமைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் ஸ்டில்ட்டும் ஏழு தளங்களும், உயரம் 24 மீட்டர், 28 வீடுகள். 2023 ஜூனில் வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. ஆறாம் தளத்து உரிமையாளர் ஒருவர் தீ எச்சரிக்கை மணியும் ட்ரை ரைசரும் இல்லை என்பதைக் கவனித்து, தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இவை கட்டாயம், உடனே அமையுங்கள் என்று பில்டருக்கு எழுதுகிறார்.

பில்டரின் பொறியாளர் இப்படிப் பதில் தருவார்: 2016-ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, 15 முதல் 35 மீட்டர் வரை உயரமுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கேட்பது டவுன்கமர், ட்ரை ரைசர் அந்தப் பட்டியலிலேயே இல்லை, எனவே உங்கள் புகாருக்கு அடிப்படை இல்லை.

இந்தப் பதில் தொழில்நுட்ப அளவில் சரி. டவுன்கமர் என்பது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழிறங்கும் குழாய். இந்த உயரத்துக்கு விதித்தொகுப்பு கேட்பது 25,000 லிட்டர் தொட்டியும் நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்பும். முழு வேகத்தில் ஓடினால் அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 28 நிமிடம் வரும். வண்டி வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடு இது. டவுன்கமரின் வரையறையிலேயே தரைமட்டத்தில் தீயணைப்பு வண்டிக்கான இணைப்பும் உச்சியில் காற்று வால்வும் சேர்ந்திருக்கின்றன. அதாவது முறையாக அமைந்த டவுன்கமர், தொட்டி வற்றிய பிறகு ட்ரை ரைசரின் வேலையையும் செய்யும்.

ஆகவே உரிமையாளர் தவறான அடிப்படையில் நின்றுவிட்டார். ஆனால் பொறியாளரின் பதிலில் அவருக்குத் தேவையான ஒப்புதலும் இருக்கிறது. ட்ரை ரைசருக்குப் பதில் டவுன்கமர் என்றால், அந்த டவுன்கமர் எங்கே? மொட்டைமாடியில் தீயணைப்புக்கென்று தனித் தொட்டியும் பம்பும் இருக்கின்றனவா? இருப்பது குடிநீர்த் தொட்டி மட்டும்தான், படிக்கட்டருகே எந்தச் செங்குத்துக் குழாயும் இல்லை என்றால், மறுப்புக் கடிதமே குறையை ஒப்புக்கொண்ட ஆவணமாகிவிடுகிறது. அதே பட்டியல் கைமுறை அலாரத்தையும் அந்த உயரத்துக்குக் கேட்கிறது. அதைப் பற்றிப் பதிலில் மௌனம் நிலவினால் அதுவும் பதிவாக வேண்டிய ஒன்று.

எந்தக் காகிதத்தில் நிற்பது

தேசியக் கட்டட விதித்தொகுப்பு தானே சட்டம் ஆவதில்லை. மாநில விதிகளும் அனுமதி நிபந்தனைகளும் அதை எடுத்தாளும் அளவுக்கே அது கட்டுப்படுத்தும். அந்த இடைவெளி தமிழ்நாட்டில் எண்ணிலேயே தெரிகிறது. விதித்தொகுப்புக்கு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடம். 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்ந்த கட்டடம். 17 மீட்டர் உயரத்தில் ஸ்டில்ட்டும் ஐந்து தளமுமாக நிற்கும் குடியிருப்பு ஒரு நூலில் உயர்ந்த கட்டடம், இன்னொரு நூலில் இல்லை. அங்கே குடியிருப்பவர் விதித்தொகுப்பை மட்டும் காட்டி எழுதினால், எங்கள் கட்டடம் அந்த வகையில் வராது என்ற பதில் கிடைக்கும். நம் உதாரணக் கட்டடம் 24 மீட்டர் என்பதால் இரண்டு வரையறைகளிலும் அகப்படுகிறது. உயரத்தை அனுமதி வரைபடத்திலிருந்தே எடுத்துக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுவது அதனால் முக்கியம்.

விதித்தொகுப்பைவிட வலுவான காகிதங்கள் மூன்று இருக்கின்றன. முதலாவது அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். சி.எம்.டி.ஏ. முத்திரையிட்ட தாள்களில், படிக்கட்டை ஒட்டிய சிறு வட்டமும் அதன் அருகே எழுதப்பட்ட குறிப்பும் போதும். விதித்தொகுப்பு எதைக் குறைந்தபட்சமாகக் கேட்டிருந்தாலும், வரைபடத்தில் ட்ரை ரைசர் என்று காட்டி அனுமதி பெற்றவர் அதைக் கட்டியாக வேண்டும். ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(1)-ஆம் பிரிவு, திட்டம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்களின்படியும் விவரக்குறிப்புகளின்படியும்தான் கட்டப்பட வேண்டும் என்கிறது. இரண்டாவது தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்றும் அதோடு இணைந்த நிபந்தனைகளும். எந்தக் குழாய், எத்தனை லிட்டர் தொட்டி, எந்த வகை அலாரம் என்பது அங்கே பெயர் சொல்லியே வரும். மூன்றாவது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் பிரிக்கப்படாத நிலப்பங்குக்கு ஒரு கிரயப் பத்திரமும் வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தமும் போடும் வழக்கம் பரவலாக இருந்திருக்கிறது. பலர் கிரயப் பத்திரத்தை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு, இதில் தீயணைப்பு பற்றி எதுவும் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். விவரக்குறிப்பு அட்டவணை கட்டுமான ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

இந்தக் காகிதங்கள் கையில் இல்லை என்றால் முதலில் எழுத வேண்டியது புகார்க் கடிதமே அல்ல, ஆவணம் கேட்கும் கடிதம். சட்டத்தின் 19(1)-ஆம் பிரிவு வரைபடத்தையும் விவரக்குறிப்புகளையும் பெறும் உரிமையை வீடு வாங்கியவருக்குத் தருகிறது. 19(5), வீடு ஒப்படைக்கப்பட்ட பிறகு பொதுப்பகுதிகளின் வரைபடங்களும் தரப்பட வேண்டும் என்கிறது. பில்டர் தரவில்லை என்றால் சி.எம்.டி.ஏ.விடமும் தீயணைப்புத் துறையிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்கலாம். பதிலுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 30 நாள். பில்டரை மூன்றாம் தரப்பாகக் கருதி அவர் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அலுவலகம் முடிவெடுத்தால் இன்னும் சில நாள் கூடலாம்.

ஒருபோதும் இல்லாததும், இருந்து போனதும்

பில்டர் எடுக்கக்கூடிய அடுத்த வாதம் இது: நாங்கள் அமைத்துக் கொடுத்தோம், சங்கம் பராமரிக்கவில்லை, திருட்டுப் போயிருக்கலாம். இதை வெற்று வாதம் என்று தள்ள முடியாது. தீயணைப்புக் குழாய்களின் வால்வுகளும் ஹோஸின் முனைக் கருவிகளும் பித்தளை, வெண்கலக் கலவைகளில் வருவதால் பழைய உலோக விலைக்காகத் திருடப்படுவது உண்மை. ஒருபோதும் அமைக்கப்படவில்லை என்றால் பொறுப்பு பில்டருடையது. அமைத்துக் கொடுத்த பிறகு காணாமல் போனது என்றால் பொறுப்பு பெரும்பாலும் சங்கத்தின் பக்கம் சாய்ந்துவிடும். எனவே கடிதம் எழுதும் முன் கட்டடத்தைப் பார்த்து இதைத் தீர்மானிக்க வேண்டும்.

குழாய் தன் தடத்தை விட்டுப் போகும். 100 மில்லிமீட்டர் குழாய் ஒவ்வொரு தளத்தையும் துளைத்துத்தான் ஏற முடியும். தளத்தின் கான்கிரீட்டில் அதற்கான துளையோ, வார்க்கும்போதே பதித்த ஸ்லீவோ இருக்க வேண்டும். சுவரில் கிளாம்ப் போட்ட போல்ட் ஓட்டைகள், வெளிச்சுவரில் இணைப்புப் பெட்டிக்கான குழி, மொட்டைமாடியில் குழாயின் முனை இருக்க வேண்டும். தரைத்தளம் முதல் ஏழாம் தளம் வரை இவற்றில் ஒன்றுகூட இல்லை, பெயின்டும் பூச்சும் தொடர்ச்சியாக இருக்கின்றன என்றால் குழாய் ஒருபோதும் வரவில்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரே கோணத்தில், தள எண் தெரியும்படி, தேதியோடு படம் எடுத்து, வரைபடத்தில் அந்த இடம் காட்டப்பட்ட பகுதியை அதன் பக்கத்தில் வைத்தால், வெறும் சுவரின் படமும் சான்றாகிவிடும்.

அலாரத்தில் இன்னொரு நிலை உண்டு. பெட்டியும் ஹூட்டரும் சுவரில் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. அல்லது கம்பி இருந்தும் பேனல் நிறுவப்பட்டிருக்காது. சங்கத்தின் ஒப்புதலோடு எலக்ட்ரீசியன் ஒருவரை வைத்து ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேனல் இருந்தால் அதன் பழுது விளக்கு எரிகிறதா, பிரதான மின்சாரத்தை நிறுத்தினால் பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்க்கலாம். கடைசியாக ஒலி. தூங்குபவரை எழுப்ப, கதவு மூடிய படுக்கையறையில் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட அளவு. நடைக்கூடத்தில் காதைப் பிளக்கும் ஹூட்டர் இரண்டு மூடிய கதவுகளுக்குப் பின்னால் அந்த அளவைத் தராமல் போகலாம். இதைச் சோதிக்காமல் அலாரம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ கடிதத்தில் எழுதக் கூடாது. பெட்டி இருக்கிறது, கம்பி இல்லை என்று பார்த்ததை அப்படியே எழுத வேண்டும்.

முப்பது நாள் கெடு

சட்டத்தின் 14(3)-ஆம் பிரிவுதான் இந்தக் கடிதத்துக்கு உயிர் தருகிறது. கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, சேவைகளை அமைத்துத் தருவதிலோ, ஒப்பந்தப்படியான வேறு கடமைகளிலோ குறை இருந்து, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அது பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் கூடுதல் கட்டணமின்றி 30 நாளுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கோரலாம். கவனத்துக்குக் கொண்டுவருதல் என்ற செயலே உரிமையைத் தொடங்கி வைக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் திட்டியதையும் தள மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னதையும் பின்னால் நிரூபிப்பது கடினம். ஒப்புகை பெறும் அஞ்சலில், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்தின் தேதியில் சர்ச்சை இருக்காது. மின்னஞ்சலிலும் அதே நாளில் அனுப்புவது நல்லது.

எதிர்பார்க்க வேண்டிய தடைகளும் இங்கே உண்டு. சாவி வாங்கும்போது எல்லாம் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஐந்தாண்டுப் பொறுப்பைத் தருவது சட்டம் என்பதால் அந்தத் தாள் மட்டும் அதை அழித்துவிடாது. நிறைவுச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்பார்கள். அது அனுமதி தந்த அமைப்புக்கும் பில்டருக்கும் இடையிலான ஆவணம். வாங்கியவருக்குச் செய்ய வேண்டிய ஒப்பந்தக் கடமையை அது தீர்த்துவைப்பதில்லை. உண்மையான வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களும் எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களும் பதிவிலிருந்து விலக்குப் பெற்றவை. சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்த 2017 மே 1-க்கு முன்பே நிறைவுச் சான்றிதழ் பெற்ற கட்டடங்களுக்கும் பதிவு தேவைப்படவில்லை. அத்தகைய கட்டடங்களில் வீடு வாங்கியவர்கள் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதே நடைமுறை வழி. அங்கே புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு என்பதால் தாமதம் கூடாது.

கடிதம்

இவ்வளவும் கையில் வந்த பிறகு, நம் உதாரண உரிமையாளர் மீண்டும் எழுதும் கடிதம் இப்படி அமையும்.

> *பெறுநர்:* நிர்வாக இயக்குநர், (கட்டுமான ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பதிவு அலுவலக முகவரியும்)
>
> *பொருள்:* பொதுப்பகுதியில் ட்ரை ரைசரும் தீ எச்சரிக்கை அமைப்பும் அமைக்கப்படாதது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், பிரிவு 14(3)-இன் கீழ் அறிவிப்பு.
>
> *பார்வை:* 1. திட்டத்தின் ரெரா பதிவு எண். 2. கட்டுமான ஒப்பந்தம், அட்டவணை ‘சி’. 3. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தாள் 7. 4. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. 5. வீடு ஒப்படைப்புக் கடிதம், 12 ஜூன் 2023.
>
> ஐயா,
>
> மேற்கண்ட திட்டத்தில் ஆறாம் தளத்து வீட்டின் உரிமையாளர் நான். கட்டடத்தின் உயரம் வரைபடப்படி 24 மீட்டர். வீடு என்னிடம் 12 ஜூன் 2023 அன்று ஒப்படைக்கப்பட்டது.
>
> குறை ஒன்று: வரைபடத் தாள் 7-இல் மேற்குப் படிக்கட்டை ஒட்டி 100 மி.மீ. ட்ரை ரைசரும், தரைமட்டத்தில் தீயணைப்பு வண்டிக்கான இணைப்பும், ஒவ்வொரு தளத்திலும் லேண்டிங் வால்வும் காட்டப்பட்டுள்ளன. கட்டடத்தில் இவை எதுவும் இல்லை. எட்டு நிலைகளிலும் தளத் துளையோ கிளாம்ப் அடையாளமோ இல்லாததால் இவை எப்போதும் நிறுவப்படவில்லை என்று தெரிகிறது. இதற்கு ஈடாக டவுன்கமர், தீயணைப்புக்கான தனித் தொட்டி, பம்ப் ஆகியவையும் இல்லை. படங்கள் 1 முதல் 10 வரை இணைப்பில் உள்ளன.
>
> குறை இரண்டு: அட்டவணை ‘சி’-யும் தடையின்மைச் சான்றும் தளந்தோறும் கைமுறை அலாரப் பெட்டி, ஹூட்டர், காவலர் அறையில் கண்ட்ரோல் பேனல் ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. முதல் மூன்று தளங்களில் பெட்டிகள் மட்டும் உள்ளன. அவற்றில் கம்பி இணைப்பு இல்லை. மற்றத் தளங்களில் பெட்டியும் இல்லை. பேனல் எங்கும் இல்லை. படங்கள் 11 முதல் 18 வரை.
>
> கோருவது: (அ) இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், எங்களிடம் கட்டணம் கோராமல், மேற்கண்ட இரு அமைப்புகளையும் வரைபடப்படி நிறுவுக. (ஆ) தளங்களில் துளையிடும் முன் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலைத் தருக. (இ) பணி முடிந்ததும் உரிமையாளர் சங்கத்தின் முன்னிலையில் குழாய்க்கு நீரழுத்தச் சோதனையும் அலாரத்துக்கு ஒலிச் சோதனையும் நடத்தி, அறிக்கைகளைச் சங்கத்திடம் ஒப்படைக்க. (ஈ) ட்ரை ரைசருக்கு மாற்றாக வேறு அமைப்பைத் தர எண்ணினால், அதற்குத் தீயணைப்புத் துறையின் ஒப்புதலை முதலில் பெற்றுக் காட்டுக.
>
> பத்து நாளுக்குள் பணி அட்டவணையை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 30 நாள் கடந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகும் உரிமை எனக்கு உண்டு.
>
> *நகல்:* செயலாளர், உரிமையாளர் சங்கம். மாவட்டத் தீயணைப்பு அலுவலர்.

கடிதத்தில் விதித்தொகுப்பு பெயரளவுக்குக்கூட வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரைபடமும் ஒப்பந்தமும் தடையின்மைச் சான்றும் போதுமானவையாக இருக்கும்போது, விவாதத்துக்கு இடம் தரும் நூலை மேற்கோள் காட்ட வேண்டிய தேவை இல்லை. டவுன்கமர் பற்றிய ஒற்றை வாக்கியம், வரப்போகும் மறுப்பை வருமுன்பே அடைக்கிறது. கோரிக்கை (ஈ) இன்னொரு வழியை அடைக்கிறது. உட்புறக் குழாய் எதுவும் போடாமல், வெளியே ஒரு ஹைட்ரன்ட் வால்வை நட்டு, இது போதும் என்று முடித்துவிட முடியாது. மறுபுறம், முறையான டவுன்கமரை அமைத்து அதற்குத் துறையின் ஒப்புதலையும் பெற்றுவிட்டால், குடியிருப்பவர் அதை ஏற்பதே நியாயம். பாதுகாப்பு அளவில் அது ட்ரை ரைசரைவிடக் குறைந்ததல்ல.

பதிலுக்குப் பின்

30 நாளில் பணி முடிவது அரிது. குழாய் வாங்கி, தளம் துளைத்து, பற்றவைத்து, சோதிக்க அதைவிடக் கூடுதல் நாள் ஆகும். தேதியிட்ட அட்டவணையோடு பணி தொடங்கியிருந்தால் சில வாரம் பொறுப்பதில் உரிமையாளருக்கு இழப்பில்லை. அந்த நீட்டிப்பையும் எழுத்தில், புதிய தேதியோடு தர வேண்டும். பதிலே இல்லை, அல்லது பதில் மறுப்பாக இருக்கிறது என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் இரண்டு வழி பிரிகிறது. குழாயையும் அலாரத்தையும் அமைக்குமாறு உத்தரவு வேண்டுமென்றால் படிவம் ‘எம்’-இல் ஆணையத்திடம் முறையிட வேண்டும். இழப்பீட்டுத் தொகை வேண்டுமென்றால் படிவம் ‘என்’-இல் தீர்ப்பு அலுவலரிடம் செல்ல வேண்டும். இழப்பீட்டை நிர்ணயிப்பது தீர்ப்பு அலுவலரின் வேலை என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து கேட்பவர்கள் மாதக்கணக்கில் காலத்தை இழக்க நேரிடும். இந்தப் புகாரில் முதலில் தேவைப்படுவது உத்தரவுதான். பணம் கிடைத்தாலும் படிக்கட்டில் குழாய் வந்துவிடாது.

குழாய் வந்த பிறகு அது வேலை செய்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும். உச்சி வரை அழுத்தத்தோடு நீர் ஏற்றி, குறிப்பிட்ட நேரம் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் நடைமுறைத் தரம் ட்ரை ரைசருக்கு ஆண்டுதோறும் 12 பார் அழுத்தத்தில் 15 நிமிடச் சோதனையைக் கேட்கிறது. நம் கட்டடத்தில் எந்த அளவு என்பதை உள்ளூர்த் தீயணைப்பு அலுவலரிடம் கேட்டு அறிக்கையில் எழுதச் செய்ய வேண்டும். அந்தச் சோதனையின்போதே, தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்திலிருந்து தரைமட்ட இணைப்புக்கு ஹோஸ் எட்டுகிறதா என்பதையும் பார்க்கலாம். பிரிட்டன் வழிகாட்டுதல் அதற்கு வைத்திருக்கும் எல்லை 18 மீட்டர். இணைப்பின் முன்னால் கார் நிறுத்துமிடம் ஒதுக்கப்பட்டிருந்தால், குழாய் சரியாக இருந்தும் பயனில்லை.

சோதனை அறிக்கைகளும் நிறுவிய நிறுவனத்தின் உத்தரவாதமும் திருத்திய வரைபடமும் சங்கத்தின் கோப்பில் சேரும் நாளில்தான் இந்தப் புகார் முடிகிறது. அந்த நாள் முதல் வால்வு இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது சங்கத்தின் கடமை. அதற்கான பதிவேட்டைச் சங்கம் தொடங்கிவிட்டால், இன்னொரு நாள் வால்வு காணாமல் போனாலும், ஒருபோதும் இல்லாததா இருந்து போனதா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும்.